வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டை அசலோடு வைத்துப் பார்ப்பது எப்படி?

மழைக்காலம் வந்தாலே ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ கார்டுகள் குடும்பக் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். சேனல் லோகோ இருக்கும், தேதி இருக்கும், மாவட்டப் பெயர் இருக்கும். “லோகோ சரியா இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்பார்கள். லோகோ சரியாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

போலிக் கார்டுகள் இரண்டு வகை. ஒன்று, கார்டை முழுதாகப் புதிதாக வரைவது. இதில் லோகோ கொஞ்சம் தள்ளி நிற்கும், பட்டையின் உயரம் மாறும். சுலபமாக மாட்டும். இன்னொன்று, சேனல் வெளியிட்ட அசல் கார்டையே எடுத்து, எழுத்தை மட்டும் மறைத்துப் புதிதாக அடிப்பது. இதில் லோகோ அச்சு அசலாகப் பொருந்தும், அதுவே அசல் லோகோதானே! நான் பார்ப்பவற்றில் இந்த வகைதான் அதிகம். அதனால் கார்டு ரொம்ப நன்றாகப் பொருந்தினால், எந்த அசலிலிருந்து செய்தார்கள் என்று தேட ஆரம்பியுங்கள்.

அசலை எடுப்பது

அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குப் போய் அதே தேதியை ஒட்டிய கார்டு ஒன்றை இறக்குங்கள். பிரேக்கிங் கார்டுக்கு பிரேக்கிங் கார்டு, ஒருவர் சொன்னதைப் போடும் கார்டுக்கு அதே மாதிரிக் கார்டு. வகை மாறினால் டெம்ப்ளேட்டே வேறு, ஒப்பிட்டுப் பயனில்லை. சந்தேகக் கார்டை கூகுள் லென்ஸிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மழை விடுமுறைக் கார்டு என்றால் போன வருடம் இதே வாரங்களில் அந்தப் பக்கத்தில் வந்த படங்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒன்றின் மேல் ஒன்று வைப்பது

நான் பயன்படுத்துவது ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். நிறுவ முடியாதவர்கள் பிரவுசரிலேயே ஃபோட்டோபீ திறந்துகொள்ளலாம். செல்போன் ஆப்புகளில் இதைச் செய்யாதீர்கள், விரல் நகர்ந்தால் எல்லாம் போச்சு.

அசல் கார்டைத் திறந்து, `File > Open as Layers` வழியாக சந்தேகக் கார்டை அதன் மேல் கொண்டுவாருங்கள். மேல் லேயரின் `Opacity`-ஐ 50 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து தெரியும். இனி `Scale` கருவியால் அளவைப் பொருத்த வேண்டும். அகல, உயர விகிதம் மாறாமல் இருக்க, சங்கிலிக் குறி பூட்டியிருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். லோகோவை லோகோவோடு பொருத்திவிட்டு, “கீழே இணைய முகவரி தள்ளி நிற்கிறதே, போலி!” என்று முடிவுகட்டிவிடுவார்கள். மேல் மூலையில் அளவு துளி தப்பினாலும் கீழ் மூலைக்குப் போகும்போது அது பெரிதாகிவிடும். எனவே, தூரத்தில் இருக்கும் இரண்டு நிலையான புள்ளிகளை எடுங்கள்: மேலே லோகோ, எதிர் மூலையில் இணைய முகவரி. இரண்டும் சேர்ந்து உட்காரும்வரை அளவை மாற்றுங்கள். விகிதத்தைப் பூட்டியும் உட்காரவில்லை என்றால், யாரோ படத்தை இழுத்திருக்கலாம். லோகோவில் வட்டம் ஏதாவது இருந்தால் அது முட்டையாகியிருக்கிறதா பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருந்தும் பொருந்தவில்லை என்றால், அது புதிதாக வரைந்த கார்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பொருந்திய பிறகு `Opacity`-ஐ மறுபடி 100 ஆக்கி, லேயர் மோடை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் இடம் கறுப்பாகும், வித்தியாசம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். எழுத்தோரங்களில் மங்கலாகச் சாம்பல் புள்ளிகள் வரும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதன் தடம் அது, விட்டுவிடுங்கள்.

விடுமுறைக் கார்டு ஒன்றில் இப்படிப் பார்த்தபோது, போன வருடக் கார்டின் மேல் வைத்ததும் படம் முழுக்கக் கறுத்துவிட்டது. தேதியும் மாவட்டப் பெயரும் மட்டும் மின்னின. அவற்றைச் சுற்றி மெல்லிய சாம்பல் செவ்வகம் ஒன்றும் தெரிந்தது. அசலில் பின்னணிச் சிவப்பு மேலிருந்து கீழே மெதுவாக வெளுத்துக்கொண்டு போகும். பழைய எழுத்தை மறைக்க ஒரே நிறச் சிவப்பை அப்பியிருந்தார்கள், அந்த ஒட்டுதான் செவ்வகமாகத் தெரிந்தது.

அசல் கிடைக்காவிட்டால் எழுத்துதான் துணை. ர-வின் கீழே சாய்ந்த வால் உண்டா, புள்ளி உருண்டையா வளையமா, ழ-வின் சுழி எவ்வளவு தூரம் இறங்குகிறது, 3-இன் தலை தட்டையா வளைவா என்று அதே சேனலின் வேறு கார்டோடு பாருங்கள். சில டிசைன் மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பை மாற்றாமல் அடித்தால், ‘கெ’ என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய்விடும். ஆனால் அவசரத்தில் சேனல்காரர்களும் பிழை விடுவார்கள், எழுத்துப்பிழையை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள்.

டிவி திரையைப் போனில் எடுத்த படம்

படம் சாய்ந்திருக்கும் என்பதால் `Scale`-க்குப் பதில் `Perspective` கருவியை எடுத்து, திரையின் நான்கு மூலைகளையும் அசல் ஸ்கிரீன்ஷாட்டின் மூலைகளுக்கு இழுங்கள். ஓரங்களில் லென்ஸ் வளைவு இருக்கும். நடுப்பகுதியைத்தான் நம்ப வேண்டும்.

திரையைப் படமெடுத்தால் அலை அலையாகக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் லோகோ மேல் ஓடி, செய்தி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டால், அந்த வரி பிறகு ஒட்டியதாக இருக்கலாம். கீழே ஓடும் டிக்கரையும் கவனியுங்கள். ஓடுகிற எழுத்து எந்த நொடியில் எடுத்தாலும் ஓரத்தில் வெட்டுப்பட்டுத்தான் பெரும்பாலும் நிற்கும். முழு வாக்கியம் நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

பத்திரிகை நறுக்கு

இங்கே பத்தியின் இடைவெளிதான் காட்டிக்கொடுக்கும். நம் நாளிதழ்களின் பத்திகள் ஒடுக்கமானவை, தமிழ்ச் சொற்களோ நீளமானவை. அதனால் வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். வேர்டில் அடித்து இருபுறமும் சமப்படுத்தினால் சொல் உடையாது. மூன்றே சொற்கள் ஒரு வரியில் அகல அகலமாக நிற்கும். பத்தி முழுக்க ஒரு சொல்லும் உடையாமல், நடுவில் வெள்ளை வாய்க்கால் ஓடினால் அது அச்சகத்தில் கோத்த பக்கம் மாதிரி இல்லை.

இன்னொன்று, தாள் மடங்கியிருக்கும் இடம். பத்திகளுக்கு நடுவே உள்ள கோடு வளைந்தால், பக்கத்து வரிகளும் அதோடு சேர்ந்து வளைய வேண்டும். கோடு வளைந்து வரி மட்டும் நேராக நின்றால் ஒட்டுவேலை.

கடைசியாக அந்தத் தேதியின் இ-பேப்பரைப் பாருங்கள். சென்னைப் பதிப்பில் இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. மாவட்டச் செய்தி மதுரை, திருநெல்வேலிப் பதிப்பில் மட்டும் வந்திருக்கலாம்.

பின்சேர்க்கை: “அசல் என்று உறுதியாகத் தெரிந்த கார்டே பொருந்தவில்லை” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தச் சேனல் இடையில் டெம்ப்ளேட்டை மாற்றியிருக்கிறது, அவர் ஒப்பிட்டது பழைய கார்டோடு. சந்தேகக் கார்டின் தேதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அசல்களை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொருவர், “கார்டு போலிதான், ஆனால் விடுமுறை நிஜமாகவே விட்டார்களே?” என்று கேட்டிருந்தார். அப்படியும் நடக்கும். கார்டைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதுவரைதான் இந்த முறை சொல்லும். மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். அதற்கு ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.