ரியூனியனில் புயல் எச்சரிக்கை: எந்த நிறத்துக்கு வீட்டில் என்ன வேலை?

நம் தீவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். புதிதாக வந்தவர்கள் நிறத்தைப் புயலின் பலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பலத்தோடு, ஆபத்து எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் அது சொல்கிறது. ஆகவே நிறம் மாறினால் வீட்டு வேலையும் மாறும்.

1. மஞ்சள். புயல் வர வாய்ப்பு உண்டு, ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது. பள்ளியும் வேலையும் வழக்கம்போல நடக்கும். கடைக்குப் போக வேண்டிய நாள் இதுதான். நான்கு பேர் உள்ள வீடு என்றால் ஆளுக்கு இரண்டு லிட்டர், மூன்று நாளைக்கு 24 லிட்டர் குடிநீர். அப்புறம் பாட்டரி ரேடியோ, டார்ச், மருந்து, குழந்தை இருந்தால் பால் பவுடர்.

2. ஆரஞ்சு. அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆபத்து வரலாம். பள்ளிகள் மூடிவிடும், ஆனால் அலுவலகங்கள் நடக்கும். குழந்தைகளை யார் பார்ப்பது என்பதை மஞ்சளிலேயே பேசி வைக்காவிட்டால் இங்கேதான் திண்டாட்டம். வெளியில் கிடக்கும் நாற்காலி, பூத்தொட்டி, தகரத் துண்டு எல்லாம் உள்ளே வர வேண்டும். காற்றில் பறக்கும் ஒரு தகரம் அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்துவிடும். ஷட்டர்களை மூடி, வாளிகளில் தண்ணீர் பிடித்து, போனை சார்ஜ் போடுங்கள். வீடு பள்ளத்திலோ ஆற்றோரத்திலோ இருந்தால் உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ இப்போதே கிளம்பிவிடுங்கள்.

3. சிவப்பு. எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று தீவின் அரசு நிர்வாக அலுவலகமான பிரெஃபெக்ச்சர் முன்கூட்டியே அறிவிக்கும். அதற்குள் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு வெளியே நடமாடத் தடை. திடீரென்று காற்று நின்றுபோனால் கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண் மேலே இருக்கலாம். அது நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

4. ஊதா. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போதுதான் இது முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இந்த நேரத்தில் மீட்புப் படையினரே வெளியே வர மாட்டார்கள். ஜன்னல் இல்லாத, உறுதியான அறையில் குடும்பத்தோடு இருங்கள். கூரை ஆட்டம் கண்டாலும் ஏறிப் பார்க்க வேண்டாம்.

5. அதற்குப் பிறகு. சிவப்பு நீங்கியதும் ‘சொவ்கார்து’ என்ற பாதுகாப்புக் கட்டம் வரும். காற்று ஓய்ந்துவிட்டதே என்று வண்டியை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மலையில் பெய்த மழை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். ஓடைகளைக் கடக்கும் தாழ்ந்த பாலங்களில், அதாவது ராடியேக்களில், வெள்ளம் ஓடும். முழங்கால் ஆழத் தண்ணீரே காரை இழுத்துப் போய்விடும். கீழே கிடக்கும் மின்கம்பியில் கரண்ட் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வந்தாலும், குடிக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.