இரண்டு பேட்டரிக் கணக்கில் குறி தவறும் இடங்கள்

செம்பனை ஏற்றும் லோரிகள் வந்து போகும் எங்கள் தோட்டப் பட்டணத்தில் ஜம்பர் கேபிள் இல்லாத பட்டறை கிடையாது. வலுவிழந்த பேட்டரிக்குப் பக்கத்தில் நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து, பாசிட்டிவோடு பாசிட்டிவையும் நெகட்டிவோடு நெகட்டிவையும் சேர்ப்பார்கள். ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் பிள்ளைகள் போடும் இரண்டு பேட்டரிக் கணக்கு இதேதான். கிர்க்காஃப் 1845-இல் தந்த சந்தி விதியும் கண்ணி விதியும் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் விடை தப்பாக வருகிறது, பெரும்பாலும் குறியால்.

பட்டறைக் காட்சியையே கணக்காக்குவோம். நல்ல பேட்டரியின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட், அகமின்தடை 0.1 ஓம். வலுவிழந்ததன் மின்னியக்கு விசை 12.0 வோல்ட், அகமின்தடை 0.2 ஓம். உண்மையில் நல்ல கார் பேட்டரியின் அகமின்தடை இதைவிட மிகக் குறைவு. கேபிள், கிளிப் ஆகியவற்றின் தடையையும் சேர்த்து, கணக்குக்கு வசதியாக இப்படி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் குறுக்கே ஒரு சிறிய விளக்கு, எரியும்போது அதன் தடை 8.2 ஓம்.

முதல் வேலை அம்புக்குறி போடுவது. நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வெளியே வருவது I1, மற்றதன் பாசிட்டிவிலிருந்து வெளியே வருவது I2, விளக்கு வழியே போவது I. மேலே உள்ள சந்தியில் I = I1 + I2. இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஆகும் என்று மனம் சொன்னாலும் அம்பை யோசித்துத் திருப்ப வேண்டியதில்லை. எந்தப் பக்கம் போட்டாலும் சரி, போட்ட அம்பை விடை வரும்வரை தொடக்கூடாது.

அடுத்தது கண்ணியைச் சுற்றி வருவது. இங்கே இரண்டு விதமான குறிகள் இருக்கின்றன, பிள்ளைகள் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பேட்டரிக்குள் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவுக்குப் போனால் மின்னழுத்தம் கூடும், எதிர்ப்பக்கம் போனால் குறையும். மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தடையில்தான் மின்னோட்டத்தின் திசையைப் பார்க்க வேண்டும்: அம்போடு சேர்ந்து நடந்தால் IR குறையும், அம்புக்கு எதிராக நடந்தால் IR கூடும். அகமின்தடையும் ஒரு தடைதான், அதற்கும் இதே கணக்கு.

விளக்கைச் சேர்த்துச் சுற்றும் இரண்டு கண்ணிகளில் அவ்வளவாகத் தவறு வராது. இரண்டு பேட்டரிகளை மட்டும் சுற்றும் வெளிக்கண்ணியில்தான் வழுக்கும். நல்ல பேட்டரி வழியே மேலே ஏறி, மற்றதன் வழியே கீழே இறங்குகிறோம். இறங்கும்போது I2-இன் அம்பு மேல்நோக்கி நிற்கிறது, நாம் அதற்கு எதிராக நடக்கிறோம். ஆகவே 0.2 I2 கூட்டலாக வர வேண்டும்:

```
12.6 - 0.1 I1 + 0.2 I2 - 12.0 = 0
```

நோட்டுப் புத்தகங்களில் இந்த வரியில் அதிகமாகக் கண்ணில் படுவது −0.2 I2. தடை என்றாலே கழித்தல் என்று கை பழகிவிட்டது. சிலர் 12.0-ஐயும் கூட்டி 24.6 என்று எழுதுவார்கள். பேட்டரிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

−0.2 I2 என்றே எழுதி, அதை நல்ல பேட்டரியும் விளக்கும் உள்ள கண்ணியோடு சேர்த்துத் தீர்த்துப் பார்ப்போம். I2 சுமார் 4.43, I1 சுமார் −2.86 என்று வரும். விளக்கில் 1.57 ஆம்பியர், அதாவது விளக்கின் குறுக்கே 12.89 வோல்ட். இந்த ஓர் எண்ணே தவறைக் காட்டிக்கொடுக்கும். இருப்பதில் பெரிய மின்னியக்கு விசையே 12.6 தான், வெறும் தடை அதைவிட அதிக மின்னழுத்தத்தைப் பெற வழியில்லை. வலுவானது சார்ஜ் ஆகிறது, வலுவிழந்தது அதற்குக் கொடுக்கிறது என்று விடை சொல்வதும் அதே தவறின் இன்னொரு அடையாளம்.

சரியான சமன்பாடுகளில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். விளக்கு இருக்கும் இரண்டு கண்ணிகள் இவை:

```
12.6 = 8.3 I1 + 8.2 I2
12.0 = 8.2 I1 + 8.4 I2
```

வெளிக்கண்ணியையும் மூன்றாவதாகச் சேர்த்து மூன்றையும் தீர்க்கப் பார்ப்பவர்களுக்குக் கடைசியில் 0 = 0 தான் மிஞ்சும். முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தாலே வெளிக்கண்ணி வந்துவிடுகிறது, அதில் புதிய செய்தி இல்லை. கீழ்ச் சந்தியும் அப்படித்தான், மேல்சந்தி சொன்னதையே திரும்பச் சொல்லும்.

தீர்த்தால் I1 = 3, I2 = −1.5, I = 1.5 ஆம்பியர்.

இங்கே வகுப்பில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "சார், மைனஸ் வந்துருச்சு, எங்கயோ தப்பு." உடனே ரப்பரை எடுத்து, படத்தில் அம்பைத் திருப்பி, ஒரு சமன்பாட்டை மட்டும் மாற்றி எழுதுவார்கள். மாற்றாத சமன்பாடு பழைய அம்பையும் மாற்றியது புதிய அம்பையும் பேசும்போது விடை எப்படிச் சரியாகும்? மைனஸ் சொல்வது இவ்வளவுதான்: 1.5 ஆம்பியர், நாம் போட்ட அம்புக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. பாசிட்டிவ் வழியாக உள்ளே போகிறது, அதாவது அந்தப் பேட்டரி சார்ஜ் ஆகிறது. அம்பு படத்தில் அப்படியே இருக்கட்டும், கடைசியில் ஒரு வாக்கியத்தில் திசையைச் சொன்னால் போதும்.

அடுத்து முனை மின்னழுத்தம். V = E − Ir என்பதில் குறியோடு I2-ஐப் போட்டால் 12.0 − (−1.5)(0.2) = 12.3 வோல்ட். நல்ல பேட்டரியின் பக்கமிருந்து 12.6 − 3(0.1) = 12.3. விளக்கிலிருந்து 1.5 × 8.2 = 12.3. மூன்றும் ஒன்றானால் கணக்கு சரி. சார்ஜ் ஆகும் பேட்டரியின் முனை மின்னழுத்தம் அதன் மின்னியக்கு விசையைவிட அதிகமாகத்தான் இருக்கும். இதைத் தெரிந்த பிள்ளைகள் சூத்திரத்தை V = E + Ir என்று மாற்றிவிட்டு, −1.5-ஐயும் அப்படியே போட்டு 11.7 என்று எழுதுவதுண்டு. சூத்திரத்தை மாற்றினால் I2-இன் அளவை மட்டும், 1.5 என்று, போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் திருத்தம் இரண்டு தடவை நடந்துவிடுகிறது.

ஆற்றலை வைத்தும் சரிபார்க்கலாம். நல்ல பேட்டரி நொடிக்குக் கொடுப்பது 12.6 × 3 = 37.8 ஜூல். அதில் 18 மற்ற பேட்டரிக்குச் சேமிப்பாகப் போகிறது, விளக்குக்கு 18.45, இரண்டு அகமின்தடைகளிலும் வெப்பமாக 0.9, 0.45. கூட்டினால் 37.8.

மின்னியக்கு விசை குறைந்த பேட்டரி என்றால் எப்போதும் சார்ஜ் ஆகும் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு தவறு. திசையைத் தீர்மானிப்பதில் விளக்கின் தடைக்கும் பங்கு உண்டு. விளக்கைக் கழற்றிவிட்டால் 0.6 ÷ 0.3 = 2 ஆம்பியர், நல்லதிலிருந்து மற்றதற்குப் போகும். விளக்குக்குப் பதில் 2 ஓம் வைத்தால் முனை மின்னழுத்தம் சரியாக 12.0-க்கு இறங்கி, I2 பூஜ்யமாகும், இரண்டாவது பேட்டரி சும்மா இருக்கும். 1 ஓம் வைத்தால் I1 = 9.75, I2 = 1.875. இப்போது இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து கொடுக்கின்றன, முனை மின்னழுத்தம் 11.625 வோல்ட்.