கதைக்களம் பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது

நாடகத்தில் கதைக்களத்தின் பங்கு என்ன என்று கேட்டால், பலர் இடத்தை வருணித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எழுதுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: களத்தை மாற்றினால் கதையில் எது நடக்காமல் போகும்? அதற்கான பதிலே உங்கள் முதல் வாக்கியம்.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைப் பாருங்கள். வெனிஸ் பல நாட்டவர் வந்து வியாபாரம் செய்யும் நகரம். வெளியாருக்குச் சட்டத்தை மறுத்தால் அந்த வியாபாரமே கெட்டுவிடும். அதனால்தான் கடன் கொடுத்த யூதன் ஷைலாக்கின் கடன் பத்திரத்தை நகரை ஆளும் டியூக்கால் தள்ளிவிட முடியாது என்று, அதில் மாட்டிக்கொண்ட வணிகன் அன்டோனியோவே மூன்றாம் அங்கத்தில் சொல்கிறான். வேறு ஊராக இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். முதல் பத்தியில் இந்தக் காரணத்தையும் காட்சியையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், எதிர்க்களமான பெல்மான்ட். நாயகி போர்ஷியாவின் வீடு, அவளை மணக்க வருபவர்களுக்கு வைக்கும் பெட்டித் தேர்வு, ஐந்தாம் அங்கத்து நிலவும் இசையும். ‘வெனிஸில் பணம், பெல்மான்டில் காதல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த நிலவொளியில் லொரென்சோவும் அவன் காதலித்து அழைத்துவந்த ஷைலாக்கின் மகள் ஜெசிகாவும் பேசுவது துயரத்தில் முடிந்த காதலர்களைப் பற்றி. போர்ஷியாவை மணக்க பசானியோ பெல்மான்டுக்குப் போக நினைத்ததிலும் கடன் தொல்லை உண்டு. இந்த இரண்டையும் கடைசிப் பத்தியில் வையுங்கள். எனக்கு விடையில் பிடித்த இடம் அதுதான்.