நாய் புதைத்ததை மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் வீட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம், ஒரு காலத்தில் நானே செய்த தவறுகள் தோட்டத்தில் குழி குழியாகக் கண்ணில் படுகின்றன. சமைத்த எலும்பு போடக் கூடாது, சின்னப் பந்து தொண்டையில் சிக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். எலும்பையும் பொம்மையையும் மண்ணில் புதைத்துவிட்டு நாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை அல்லவா? அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் வினைகளை மட்டும் சொல்கிறேன்.

மறந்துவிட்டது என்று இன்னொரு எலும்பு போடுவது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான்.

நாய் ஏன் புதைக்கிறது? அந்த நேரத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கையில் இருப்பதால். நாயின் உறவான ஓநாய்க்கு வேட்டை தினமும் அமையாது. பெரிய இரை கிடைத்தால் வயிறு நிரம்பத் தின்றுவிட்டு, மிச்சத்தை மண்ணில் மறைத்து வைக்கும். மண்ணுக்குள் வெயில் படாது, ஈ மொய்க்காது, காக்கை கொத்தாது. நம் வீட்டு நாயும் அதே வரிசையில்தான் செய்கிறது: முன்னங்கால்களால் தோண்டும், பொருளைப் போடும், மூக்கால் மண்ணைத் தள்ளி மூடும், மூக்காலேயே அழுத்தும். மூக்கு நுனியில் காய்ந்த மண் ஒட்டியிருந்தால் எங்கோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். சோபா மெத்தையில் பிஸ்கட்டை வைத்துவிட்டு, இல்லாத மண்ணை மூக்கால் தள்ளுகிற நாயும் இதையேதான் செய்கிறது.

சரி, ஏன் திரும்ப எடுப்பதில்லை? பெரும்பாலும் பசி இல்லாததால். வேளைக்கு வேளை தட்டு நிரம்பும் நாய்க்குச் சேமிப்பை எடுக்கும் அவசியமே வருவதில்லை. இதை நாம் மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். செந்நரிகளை வைத்து இங்கிலாந்தில் டேவிட் மெக்டொனால்ட் செய்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது. நரி தான் புதைத்ததை எளிதில் தேடி எடுத்தது. பக்கத்திலேயே ஆய்வாளர் புதைத்து வைத்ததைப் பெரும்பாலும் தவறவிட்டது. வாசனையை மட்டும் நம்பியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி கிடைத்திருக்க வேண்டும். நாய்க்கும் நரிக்கும் நினைவு ஒரே அளவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதைத்தவுடனே மறந்துவிடும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ரப்பர் பந்து வேறு விஷயம். அதில் தின்ன ஒன்றுமில்லை, வாசனையும் குறைவு. அது மண்ணிலேயே கிடந்து போவது சகஜம்.

கோவையில் ஒரு வீடு. டாஷ்ஹண்ட் நாய், பெயர் மணி. ராத்திரி வயிறு நிறையச் சாப்பாடு போட்ட பிறகு, ஆசையாக ஒரு பச்சை ஆட்டுக்கால் எலும்பு கொடுப்பார்கள். மணி அதைக் கவ்விக்கொண்டு முனகியபடியே தோட்டத்தைச் சுற்றும். அப்புறம் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும். அடுத்த நாள் அந்தப் பக்கமே போகவில்லை. "வெச்ச இடத்தை மறந்துபோச்சுங்க, பாவம்னு வேறொண்ணு போட்டேன்" என்றார் வீட்டுக்காரர். இப்படியே தினமும் ஒன்று. புதைக்கும் இடங்கள் பெருகின. மணி பகலெல்லாம் அந்தச் செடிப் பக்கமே படுக்க ஆரம்பித்தது. நிழலுக்காகப் படுக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் தோட்ட வேலை செய்கிறவர் மண்வெட்டியோடு அங்கே குனிந்தார். மணி முதலில் உடம்பை விறைப்பாக்கி அசையாமல் நின்றது, பிறகு உறுமியது. பழகின நாய்தானே என்று அவர் மேலும் கொத்தினார். முன்கையில் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். தொடர் ஊசிக்கு அலைந்தது அவர், கூலி போனதும் அவருக்கு. பெயர் கெட்டது நாய்க்கு. "கடிக்கிற நாயை யாருக்காவது கொடுத்துடறோம்" என்ற நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மணி எதையும் மறக்கவில்லை, தன் சொத்தைக் காவல் காத்தது. அதைக் கையில் கொடுத்து, காக்கவும் வைத்து, கடைசியில் நாயைக் குற்றம் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

செய்தது இவ்வளவுதான். மணியை நடைக்கு அனுப்பிவிட்டுச் செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினோம். அழுகியும் புழு வைத்தும் கிடந்தவற்றை எல்லாம் எடுத்து வெளியே அனுப்பினோம். நாய் பார்க்கத் தோண்டியிருந்தால், அடுத்த முறை இன்னும் மறைவாகப் புதைக்கும், இன்னும் கடுமையாகக் காக்கும். அதன்பிறகு எலும்பு வாரத்துக்கு ஒரு தரம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்பு, கதவு சாத்திய திண்ணையில் ஒரு பாய் மேல். இருபது நிமிடம் கழித்து ஒரு துண்டு வேகவைத்த கோழியைச் சற்றுத் தள்ளிப் போட்டு, மணி அதைத் தின்னப் போனதும் எலும்பை எடுத்துவிட வேண்டும். வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. எலும்பு பக்கத்தில் ஆள் வரும்போது உறுமுகிற நாயானால் இதை நீங்களே முயல வேண்டாம், பயிற்சியாளரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

குழியைப் புண்ணாக்கு போட்டு மூடுவது

நாய் தோண்டிய இடம்தானே, உரம் போட்டுச் செடி வைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். எலும்பு உரம் நாய்க்கு இறைச்சி போல மணக்கும், மண்ணும் இளகியிருக்கும். மறுபடி அங்கேயே தோண்டும். அதோடு ஆமணக்குப் புண்ணாக்கையும் கலந்துவிட்டால் ஆபத்து. சரியாகச் சூடேற்றாத ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு மிச்சமிருக்கும். தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலிருந்து வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்வு என்று தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, சிகிச்சையால் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், தின்றதைப் பார்த்தவுடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கலப்புப் புண்ணாக்கு வாங்கினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குழிப் பக்கத்தில் இழுத்து வந்து திட்டுவது

பயனில்லை. எப்போதோ தோண்டியதற்கு இப்போது அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது.

மிளகாய்த்தூள் தூவுவது

வேண்டாம். மூக்கையும் கண்ணையும் எரிக்கும்.

பெண் நாயின் பொம்மைகளையும் இதே கணக்கில் சேர்ப்பது

கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் சேர்த்து, பக்கத்தில் படுத்து நக்கிக்கொண்டிருந்தால் அது சேமிப்பு அல்ல, பொய்ச்சினையாக இருக்கலாம். மடி வீங்கியிருக்கும், சில நாய்களுக்குப் பாலும் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மடியைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள், இன்னும் சுரக்கும். மடி சூடாகி வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோண்டவே கூடாது என்று தடுப்பது

டாஷ்ஹண்ட், டெரியர் போன்றவை தோண்டுவதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இனங்கள். முழுக்கத் தடுக்கப் பார்த்தால் பூந்தொட்டி போகும். நிழலில் நாய் படுத்து உருளும் அளவுக்கு ஓர் இடத்தைச் செங்கல் வைத்துத் தடுத்து, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டுங்கள். முதல் சில நாள் நீங்களே ஒரு பொம்மையைப் பாதி தெரியும்படி அதில் புதைத்து வையுங்கள், போகப் போக ஆழமாக்குங்கள். செடிப் பக்கம் தோண்டினால் திட்டாமல் கூப்பிட்டு மணலுக்கு அழைத்து வாருங்கள். எலும்பை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள், பொம்மை போதும். ராத்திரியில் தார்ப்பாயால் மூடுங்கள், இல்லாவிட்டால் தெருப் பூனைகள் மணலை அசுத்தப்படுத்திவிடும்.