விமானத்தில் சைவம், உப்பு குறைவு, குழந்தைச் சாப்பாடு: எப்படிச் சொல்லிவைப்பது, எவ்வளவு முன்னால்?

போன வருஷம் அம்மாவையும் என் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து லண்டன் போனேன். நடுவில் வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அம்மா சுத்த சைவம், முட்டை வாசனை கூட ஆகாது. இரத்த அழுத்தத்துக்காக டாக்டர் உப்பையும் குறைக்கச் சொல்லியிருந்தார். மகனும் சைவம்தான், ஆனால் கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை. காரம்தான் அவனுக்கு ஆகாது. மூன்று பேருக்கும் நான் சாப்பாடு சொல்லிவைத்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் குறியீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

விமான நிறுவனங்கள் சிறப்புச் சாப்பாடுகளுக்கு நான்கெழுத்துக் குறியீடு வைத்திருக்கின்றன. அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் அது ஒன்றேதான். நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

`HNML` என்பது இந்து சாப்பாடு. பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இருக்காது, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன் இருக்கலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பயணத்தில் அப்பாவுக்கு இதைத்தான் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்தால் கோழிக் குழம்பு. அன்று அவர் வெறும் ரொட்டியும் பழமும் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

நம் சைவச் சாப்பாட்டுக்கு `AVML` போட வேண்டும். சாதம், பருப்பு, கறி, சப்பாத்தி என்று இந்திய மசாலாவோடு வரும். பால், தயிர், பனீர் உண்டு, முட்டை இல்லை. `VGML` என்றால் பாலும் தயிரும் கூடக் கிடையாது. `VLML` மேல்நாட்டுச் சைவம்: காரம் இருக்காது, பாலாடைக்கட்டி இருக்கும், முட்டையும் இருக்கலாம். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காதவர்களுக்கு `VJML`.

உப்பு குறைவும் சைவமும் சேர்ந்து வேண்டும் என்றால்

`LSML` உப்பு குறைந்த சாப்பாடு. அது சைவமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை, கோழித்துண்டு வரலாம். பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரு விமானத்தில் ஒரு குறியீடுதான் பதிவாகும். `AVML`-ஐயும் `LSML`-ஐயும் சேர்த்துப் போட முடியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, இரண்டும் சேர்ந்து தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு முடியாது என்றுதான் பதில் வந்தது.

ஆனால் குறியீட்டை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சென்னையிலிருந்து வளைகுடா வரை நாலு மணி நேரம்தான், அதுவும் விடியற்காலை. அதற்கு அம்மாவுக்கு `FPML`, அதாவது பழத்தட்டு, போட்டேன். அதில் உப்புக்கு இடமே இல்லை. (சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு `DBML` தனியாக உண்டு. அதுவும் சைவமாகத்தான் வரும் என்று எண்ண வேண்டாம்.) அடுத்த ஏழு மணி நேரத்துக்கு `AVML`. அதில் ஊறுகாய், உப்பு வெண்ணெய், பாலாடைக்கட்டி, பிஸ்கட், சாலட் மேல் ஊற்றும் சாறு இவற்றை ஒதுக்கிவிட்டு, சாதத்தை அதிகமாகவும் குழம்பைப் பாதியாகவும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விமானத்துக்குள் காற்று வறண்டிருப்பதாலும் இரைச்சலாலும் நாக்குக்கு உப்பு மட்டாகத்தான் தெரியும். அதனால் ருசியை வைத்து உப்பை அளக்க முடியாது, எந்தப் பொருள் என்று பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.

குழந்தைக்கு

`CHML` இரண்டு வயது முடிந்த குழந்தைகளுக்கு. இரண்டு வயதுக்குள் என்றால் `BBML`, அது பெரும்பாலும் புட்டியில் அடைத்த மசித்த உணவு. குழந்தைச் சாப்பாட்டிலும் அதே சைவச் சிக்கல்தான்: பாஸ்தா வரலாம், பொரித்த கோழியும் வரலாம். அதனால் மகனுக்கு `CHML` வேண்டாம் என்று விட்டு, `VLML` போட்டேன். உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் வந்தது, காரமில்லாமல் சாப்பிட்டான்.

எவ்வளவு முன்னால்?

பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை சொல்லலாம். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டுமே இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. யூதர்களின் கோஷர் உணவு போன்ற சிலவற்றுக்கு இன்னும் கூடுதல் நேரம் கேட்பார்கள். சாப்பாட்டை விமானத்தில் சமைப்பதில்லை. புறப்படும் ஊரில் உள்ள சமையல்கூடத்தில் தயாரித்து, பெயரும் இருக்கை எண்ணும் ஒட்டி ஏற்றுகிறார்கள். அதனால்தான் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பதில்லை.

இந்த 24 மணி நேரத்தைக் கணக்குப் போடும்போது கவனம் வேண்டும். எங்கள் விமானம் ஞாயிறு விடியற்காலை 3:30. வீட்டில் எல்லோரும் அதை 'சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்' என்றுதான் சொன்னோம். சனிக்கிழமை காலை எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் கெடு அன்று விடியற்காலை 3:30-க்கே முடிந்துபோயிருக்கும். நடைமுறையில் வெள்ளிக்கிழமை இரவுதான் கடைசி. டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிடுங்கள், மூன்று நாள் முன்னால் ஒரு முறை திறந்து சரிபாருங்கள் என்பதுதான் என் யோசனை.

பதிவு செய்வது

நிறுவனத்தின் தளத்தில் `Manage Booking` என்ற இடத்துக்குப் போய், டிக்கெட்டில் உள்ள ஆறெழுத்துப் பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொடுங்கள். ஒவ்வொரு பயணிக்கும், ஒவ்வொரு விமானத்துக்கும் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். திரும்பி வரும் பயணத்தை மறக்காதீர்கள். சேமித்ததும் `Confirmed` என்று இருக்கிறதா பாருங்கள். `Requested` என்றே நின்றால் மறுநாள் மறுபடி பாருங்கள், மாறாவிட்டால் போன் செய்யுங்கள். டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்தவர்கள், 'வெஜ் போடுங்க' என்று பொதுவாகச் சொல்லாமல் குறியீட்டையே எழுதி அனுப்புங்கள்.

டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் விமானம் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருந்தால் (டிக்கெட்டில் `Operated by` என்று இருக்கும்), பறக்கும் நிறுவனத்திடம் பேசி அவர்கள் பக்கம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். தேதியையோ விமானத்தையோ மாற்றினால் சாப்பாட்டுப் பதிவு கூடவே போகாமல் போகலாம். மாற்றிய உடனே திறந்து பாருங்கள். கட்டணம் குறைந்த விமானங்களில் சாப்பாட்டைக் காசு கொடுத்துத்தான் முன்பதிவு செய்ய வேண்டும், அங்கே `LSML` போன்றவை பெரும்பாலும் இருக்காது.

விமானத்தில்

சிறப்புச் சாப்பாடு தள்ளுவண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். வண்டி உங்கள் வரிசைக்கு வந்தும் உங்கள் தட்டு வரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், எல்லாம் பரிமாறி முடிந்த பிறகு மாற்று எதுவும் மிச்சமிருக்காது. யாருடனாவது இருக்கையை மாற்றிக்கொண்டால் அதைப் பணியாளர்களிடம் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தட்டு பழைய இருக்கைக்குப் போய்விடும்.

இத்தனை செய்தும் தட்டு ஏறாமல் போகலாம். அதனால் அம்மாவுக்காக உப்புக் குறைத்து வார்த்த ஆறு இட்லி, உப்பில்லாமல் அரைத்த பொடியை நல்லெண்ணெயில் தடவி, கைப்பையில் வைத்திருந்தேன். தயிர் சாதம் வேண்டாம், தளதளப்பாக இருந்தால் திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தக்கூடும். கொண்டுபோனதை இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், சில நாடுகளில் சமைத்த உணவைக்கூட உள்ளே விடுவதில்லை.