இலவச வைஃபை கேட்கும் பாஸ்வேர்டு

ஆஸ்திரேலியா வந்த முதல் சில நாட்களில் சிம்மும் டேட்டாவும் சரியாக அமையாது. விமான நிலையம், காபிக் கடை, ரயில் நிலையம் என்று எங்கே இலவச வைஃபை தெரிந்தாலும் கை தானாகப் போகும். போகட்டும், பயன்படுத்துங்கள். ஆனால் இணையும்போது திறக்கும் பக்கம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம். 2024 ஏப்ரலில் ஓர் உள்நாட்டு விமானத்தில் சந்தேகத்துக்கிடமான வைஃபை இருப்பதை ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தார்கள். ஒரு பயணியின் கைப்பையில் கையடக்க வைஃபை கருவியும் லேப்டாப்பும் இருந்தன. அசல் போலவே பெயர் வைத்து, இணைபவர்களை மின்னஞ்சல் அல்லது சமூக வலைத்தளக் கணக்கால் நுழையச் சொல்லும் போலிப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் இதே வேலை. 2025 நவம்பரில் 7 ஆண்டு 4 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

உண்மையான இலவச வைஃபை நிபந்தனைகளுக்கு டிக் கேட்கும். சில இடங்களில் பெயர், மின்னஞ்சல் முகவரி கேட்கும், விளம்பரம் அனுப்பத்தான். கடைக்காரர் ரசீதில் அச்சடித்துத் தரும் வைஃபை பாஸ்வேர்டும் சரிதான், அது அவர்களுடையது. உங்கள் ஜிமெயில் அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டை ஒரு பக்கம் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம், போலித் தளமும் அதை வாங்கிவிடும். சிலர் வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அதை ஏற்றுக்கொண்டால் போலி என்பது உறுதி. ஏற்கவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது. நீங்கள் தட்டுவதை உடனுக்குடன் கூகுளிலேயே சரிபார்க்கும் பக்கங்களும் உண்டு. உங்கள் போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்பது அந்த ரகம்தான்.

இன்னொன்று: கடவுச்சொல் இல்லாத வைஃபையை போன் நினைவில் வைத்திருந்தால், அதே பெயரில் வேறொருவர் வைத்தாலும் தானாக இணைந்துவிடும். கிளம்பும்போது அமைப்புகளுக்குப் போய் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்களா? முதலில் அந்த வைஃபையைத் துண்டியுங்கள். மொபைல் டேட்டாவில் அல்லது நம்பகமான வேறொரு இணைப்பில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்களில் இருந்து கணக்கை வெளியேற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வைத்திருக்கும் வங்கி, விசாக் கணக்குகளையும் மாற்றுங்கள். விசா சம்பந்தமான கடிதங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அதனால் ஜிமெயில் அமைப்புகளில் உங்களுக்குத் தெரியாத முகவரிக்கு அஞ்சல்களைத் திருப்பிவிட யாராவது ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தானாக நின்றுவிடாது.