நகைக்கடன் கம்பெனி எத்தனை கோடி நஷ்டத்தில் விழும்? தலைகீழ் அழுத்தச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண அழுத்தச் சோதனையில் "தங்கம் பத்து சதவீதம் இறங்கினால் எவ்வளவு போகும்?" என்று கேட்போம். தலைகீழ் அழுத்தச் சோதனை மறுமுனையிலிருந்து தொடங்குகிறது: கம்பெனியை மூடவைக்கும் நஷ்டம் எவ்வளவு என்று முதலில் குறித்துக்கொண்டு, என்ன நடந்தால் அந்த நஷ்டம் வரும் என்று பின்னோக்கித் தேடுகிறோம்.

மதுரையைத் தலைமையிடமாக வைத்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் கிளைகள் நடத்தும் ஒரு நகைக்கடன் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். வெளியே கொடுத்த கடன் 100 கோடி, ரொக்கம் 4 கோடி, கட்டடம் முதலான மற்ற சொத்து 6 கோடி. இந்த 110 கோடியில் சொந்த மூலதனம் 22 கோடி, வங்கிக் கடன் 70 கோடி, கடன் பத்திரம் வாங்கியவர்களின் பணம் 18 கோடி.

முதல் தவறு, அழிவு என்றால் 22 கோடியும் கரைவது என்று எழுதிவிடுவது. அதற்கு வெகு முன்பே கதவு சாத்தப்படும். நகைக்கடனே பிரதானமாக உள்ள கம்பெனிக்கு முதல்தர மூலதனம், அதாவது பெரும்பாலும் சொந்தப் பணம், அபாயத்துக்கு ஏற்ப எடைபோட்ட சொத்து மதிப்பில் 12 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி ஒப்பந்தத்தில் இதே விகிதம் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் கடனை உடனே திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரொக்கத்தைத் தவிர்த்த 106 கோடி சொத்தை நூறு சதவீத அபாய எடையில் எடுத்து, நஷ்டத்தை மூலதனத்திலும் சொத்திலும் கழித்துக் கணக்குப் போட்டால், 10.5 கோடி நஷ்டத்தில் 12 சதவீதம் உடைகிறது. 15 சதவீதமோ 7.2 கோடியிலேயே உடைகிறது. ஆக, தொடங்க வேண்டிய எண் 7.2. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. கடன் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்ததுதான் பெரிய தவறு: சராசரியை வைத்துப் பின்னோக்கிப் போவது. நம் கம்பெனியின் 100 கோடியில் 40 கோடி, நகை மதிப்பில் 60 சதவீதமே பாக்கி உள்ள பழைய கடன். மீதி 60 கோடி, வட்டி ஏறி 85 சதவீதத்தைத் தொட்ட கடன். முதல் பகுதியின் நகை 66.7 கோடி பெறும், இரண்டாம் பகுதியின் நகை 70.6 கோடி பெறும். மொத்தமாகப் பார்த்தால் 137.3 கோடி நகைக்கு 100 கோடி கடன். 7.2 கோடி நஷ்டம் வரத் தங்கம் 32 சதவீதம் இறங்க வேண்டும் என்று விடை வரும். கேட்பவர்கள் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்த விடை தப்பு. ஏலத்தில் கடன் போக மிஞ்சும் பணம் நகைக்காரருக்குச் சொந்தம், அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதல் பகுதியில் மிஞ்சுவதை எடுத்து இரண்டாம் பகுதியில் விழுந்த துண்டை அடைக்க முடியாது. எனவே இரண்டாம் பகுதியைத் தனியே பார்க்க வேண்டும்: 70.6 கோடி நகை 52.8 கோடியாகச் சுருங்கினால் 7.2 கோடி போய்விடும். அதற்கு 25 சதவீத இறக்கம் போதும். ஏலத்தில் முழு விலை கிடைக்காது என்பதையும் சேர்க்க வேண்டும். மதிப்பில் 90 சதவீதம் கிடைப்பதாக வைத்தால், 17 சதவீத இறக்கத்திலேயே கம்பெனி 7.2 கோடியைத் தொட்டுவிடுகிறது.

இந்தக் கணக்கு இரண்டாம் பகுதியில் யாருமே நகையைத் திருப்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தாலிச்செயினை நஷ்டத்திலும் திருப்புவார்கள். ஆனால் 17 சதவீதம் இறங்கிய பின் அந்த 60 கோடிக் கடனுக்கு எதிரே நகை 58.6 கோடிதான். திருப்புவதைவிடத் தெற்கு ஆவணி மூல வீதியில் புதிதாக வாங்குவது மலிவு என்று பலருக்குத் தோன்றும் நிலை அது. எத்தனை பேர் திருப்புவார்கள் என்பதைப் பழைய விலைச் சரிவு மாதங்களின் பேரேட்டிலிருந்து எடுங்கள், ஊகமாகப் போடாதீர்கள்.

17 சதவீதம் நடக்கக்கூடியதா? "வரலாற்றில் அரிது" என்று எழுதி முடிப்பது மூன்றாவது தவறு. எந்தெந்தக் காரணங்கள் சேர்ந்தால் அது வரும் என்று கட்டிப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் இரண்டே வியாபார நாட்களில் 13 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. அது மட்டுமே உள்நாட்டு விலையில் 7.8 சதவீதத்தைக் கழிக்கும். அந்த வாரம் உலக விலையும் 10 சதவீதம் இறங்கியிருந்தால் மொத்தம் சரியாக 17. இரண்டும் தனித்தனியே தாங்கக்கூடியவைதான், சேர்ந்தால் ஆள் காலி. சோதனை நடத்தும் நாளில் உள்ள வரியைப் போட்டு இதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ரூபாய் மதிப்பு இறங்கினால் அடி குறையும் என்பதையும் மறக்கக்கூடாது.

விலை இறங்காமலும் கம்பெனி விழலாம். இதை விடுபவர்கள் அதிகம். மாதம் 8 கோடி திரும்பி வருகிறது, 8 கோடி புதுக்கடனாகப் போகிறது என்று வைப்போம். பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வராத வருஷம் மேலூர்ப் பக்கம் அறுப்புப் பணம் இல்லை. திரும்ப வருவது 2 கோடியாகிறது. கடன் பத்திரத்துக்கு மாதம் 3 கோடி, வங்கித் தவணை 2 கோடி, சம்பளம் வாடகை அரைக் கோடி. புதுக்கடனை அடியோடு நிறுத்தினாலும் மாதம் 3.5 கோடி குறையும். 4 கோடி ரொக்கம் ஐந்து வாரம்கூடத் தாங்காது. ஏலத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, பத்திரிகை விளம்பரம் போட்டுப் பணம் பார்ப்பதற்குள் அந்த ஐந்து வாரம் ஓடிவிடும். இத்தனைக்கும் ஏட்டில் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை.

பெட்டகத் திருட்டைக் கடன் தொகையில் அளப்பது இன்னொரு தவறு. நகை போனால் அதன் முழு மதிப்புக்கும் கம்பெனி பொறுப்பு. எனவே 7.2 கோடி நகை உள்ள பெட்டகம், அதாவது சுமார் 5.2 கோடி கடன் கொடுத்த கிளை ஒன்று போதும். இன்சூரன்ஸ் பாலிசியில் ஊழியரே உடந்தையாக இருந்த திருட்டு சேருமா என்பதை இந்த இடத்தில் படித்துப் பாருங்கள்.

கடைசித் தவறு, விடை வந்ததும் அறிக்கையைக் கட்டி வைப்பது. வட்டியை மாதாமாதம் வசூலித்து, அந்த 60 கோடிக் கடனின் பாக்கி 75 சதவீதத்தைத் தாண்டாமல் பிடித்து வைத்தால், அதற்கு எதிரே நகை 80 கோடி நிற்கும். அதே 90 சதவீத ஏல விலையில், 7.2 கோடி நஷ்டம் வர இப்போது தங்கம் 26 சதவீதத்துக்கு மேல் இறங்கியாக வேண்டும்.